காதில் விழாத அறிவிப்பு

அந்த ஸ்கேன் சென்டரில் அவளை எல்லோரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காந்த ஸ்கேனுக்குள் போகிறவர் உடம்பில் உலோகம் என்று எதுவும் இருக்கக் கூடாது. கம்மல், வளையல், பெல்ட், வாட்ச், சட்டைப்பையில் மறந்துபோன சில்லறை, ஊக்கு, கழற்றி மாட்டுகிற பல்செட், எல்லாம் வெளியே வர வேண்டும். அவற்றை வாங்கிக்கொள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுவது அவள் வேலை. வேறு வேலைகளும் இருந்தன. கவுன் மாற்றிவிடுவாள், நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவாள், படுக்கையின் விரிப்பை மாற்றுவாள். ஆனால் பெயர் என்னவோ டப்பாவோடுதான் ஒட்டிக்கொண்டது.

அவள் புருஷன் செத்தபின் சேர்ந்த வேலை இது. லாரியில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நடந்த விபத்து. ஆஸ்பத்திரிக்குப் போனபோது யாரோ ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தாள். சட்டை, பனியன், ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்றுகூட அன்று தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு எதைக் கேட்பதற்கும் வாய் வரவில்லை. தங்கை வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். காலையில் கிளம்புவாள், சாயங்காலம் திரும்புவாள், தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள். "உப்பு சரியா இருக்காக்கா?" என்று தங்கை கேட்டால், "இருக்கு" என்பாள். உப்பே போடாத நாளிலும் அப்படித்தான் சொன்னாள். தங்கை அதைத் தன் கணவனிடம் சொல்லி முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் ஒரு காலத்தில் இரும்பு லாக்கர் வரிசை ஒன்று இருந்தது. இப்போதும் இருந்தது, ஆனால் சாவிகள்தான் இல்லை. ஒவ்வொரு சாவியாகக் கவுன் பையோடு சலவைக்குப் போயின, நோயாளிகளோடு வீட்டுக்குப் போயின. முதலாளி டாக்டர், "பூட்டெல்லாம் மாத்திடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பணம் கட்ட முடியாதவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் ஸ்கேன் எடுத்துக்கொடுப்பார். அவருக்கு ஒரே நாளில் ஆயிரம் தலைவலி, அதில் பூட்டு கடைசித் தலைவலி.

அந்தச் சமயத்தில்தான் கூடத்தில் ஒரு போன் காணாமல் போனது. நோயாளியோடு வந்த ஒரு பெண், சுவரில் இருந்த பிளக்கில் போனைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தால் ஒயர் மட்டும் தொங்குகிறது. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். வழக்குப் போடுவேன் என்றாள். கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டாக்டர் பயந்துபோனார். மறுவாரமே பலகைகள் வந்துவிட்டன. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: "தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு. பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." கூடத்தில் ஒன்று, உடை மாற்றும் அறையில் லாக்கர்களுக்கு மேலே ஒன்று. முன்மேசையில் நோயாளி கையெழுத்துப் போடும் படிவத்திலும் அதே வாசகம் அடியில் பொடி எழுத்தில் ஏறியது.

"நீங்களும் வாயால ஒரு தடவை சொல்லிடுங்கம்மா. சொல்லிட்டா நமக்குச் சிக்கல் இல்ல" என்றார் டாக்டர்.

"சரிங்க டாக்டர்."

அன்றிலிருந்து டப்பாவின் மூடியை அழுத்தும்போது, "பொருளுக்கெல்லாம் நிர்வாகம் பொறுப்பு இல்லைங்க" என்று சொல்வது அவளுக்குப் பழக்கமாயிற்று. மூடி டப்பென்று விழும், வார்த்தையும் கூடவே விழும். யாரும் பதில் சொன்னதில்லை. ஸ்கேனுக்குள் போகிற பயத்தில் இருப்பவர்களுக்கு அது எங்கே கேட்கப்போகிறது.

கண்டக்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பஸ்ஸில் ஆயுசு முழுக்க விசில் ஊதி ஓய்வுபெற்றவர். கழுத்து எலும்பில் தேய்மானம், கை மரத்துப்போகிறது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மகள் கூட வந்திருந்தாள். இரண்டு காதிலும் மிஷின், உள்ளே அடைத்துக்கொள்கிற சின்ன வகை, அவருடைய காதுக்கென்றே அச்செடுத்துச் செய்தது. அதை மாட்டியபின்தான் அவர் வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்தார் என்று மகள் பிறகு சொன்னாள். அதுவரை எது கேட்டாலும் சும்மா சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

மகளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு டப்பாக்கா அவரை உள்ளே அழைத்துப்போனாள். பெல்ட், வாட்ச், கம்பிச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. பிறகு அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுவுமாம்மா?"

"ஆமாங்கய்யா. உள்ள போனா கெட்டுப்போயிடும், சூடாயிடும்."

அவர் இரண்டையும் கழற்றினார். விரல் மரத்திருந்ததால் ஒன்று நழுவியது. அவள்தான் தரையிலிருந்து எடுத்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு டிஷ்யூ காகிதத்தில் மடித்து டப்பாவில் வைத்து மூடினாள். வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். அவர் அவள் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதே நேரத்தில் வெளியே ஸ்ட்ரெச்சர் சத்தம். தலையில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். டெக்னீஷியன் கதவைத் திறந்து, "அக்கா, ஓடி வாங்க, தூக்கணும்" என்றான். அவள் டப்பாவைக் கதவில்லாத அலமாரியில் வைத்துவிட்டு ஓடினாள். பிறகு அந்த அறைக்குள் ஆஸ்பத்திரி ஆட்கள் வந்தார்கள், அடிபட்டவரின் சட்டையை வெட்டினார்கள், பஞ்சும் ரத்தம் பட்ட துணியும் கிடந்ததை ஒருவர் கூட்டி அள்ளினார். கண்டக்டர் கவுனோடு ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். அவசரக் கேஸ் முடிந்தபின் அவரை உள்ளே விட்டார்கள்.

அவர் வெளியே வந்தபோது டப்பா அலமாரியின் வேறு தட்டில், மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. பெல்ட் இருந்தது. வாட்ச் இருந்தது. கண்ணாடி இருந்தது. டிஷ்யூ பொட்டலம் மட்டும் இல்லை.

தேடினார்கள். அலமாரிக்கு அடியில், லாக்கர்களுக்குப் பின்னால், துணி மூட்டையில், எல்லா இடத்திலும். குப்பைக் கூடையில் புதுப் பை மாட்டியிருந்தது. பழைய பை எப்போதோ வண்டி ஏறிவிட்டது. யார் டப்பாவை இடம் மாற்றினார்கள், யார் காகிதத்தைக் குப்பை என்று நினைத்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஓட்டமாக ஓடி வந்த வேகத்தில் தானே எதையாவது துடைத்துப் போட்டோமோ என்று டப்பாக்கா யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மகள் உள்ளே வந்து கத்தினாள். "உங்க கையிலதானே கொடுத்தாரு? எங்க வெச்சீங்க? சொல்லுங்களேன்! மரம் மாதிரி நிக்கிறீங்க!"

டப்பாக்கா நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு எங்கோ ஒற்றைச் செருப்பு ஒன்று ஞாபகம் வந்தது. வந்தது, போய்விட்டது.

டாக்டர் இறங்கி வந்தார். வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஸ்கேன் இலவசம் என்றார். மகள் மசியவில்லை. அப்போதுதான் அவர் சுவரைக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, எழுதியே போட்டிருக்கோம். அப்பா கையெழுத்தும் போட்டிருக்காரு."

"என்ன சொல்றாரு?" என்று கண்டக்டர் மகளிடம் உரக்கக் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் சத்தம் அது. மகள் பலகையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது என் பஸ்ஸுலயும் இருந்துச்சு டாக்டர்" என்றார். அந்த அறைக்கு அந்தக் குரல் ரொம்பப் பெரியது. "யாராச்சும் சீட்டுக்கடியில பையை வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டு, காணோம்னா இந்தப் போர்டைக் காட்டுவேன். ஆனா நானே வாங்கி, டிக்கெட் போட்டு, பின்னாடி டிக்கியில ஏத்தின மூட்டைக்கு நான்தான் பதில் சொல்லணும். போர்டைக் காட்டினா டிப்போவுல என்னை நிக்கவெச்சே கேப்பாங்க."

டாக்டர் என்னவோ பதில் சொன்னார். அது கண்டக்டர் காதில் விழவில்லை.

மகள் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தாள். ஸ்கேன் எடுத்த பில், மிஷின் வாங்கிய பில் இரண்டையும் இணைத்திருந்தாள். நோட்டீஸ் வந்ததும் டாக்டர் ஒரு வக்கீலை வரவழைத்தார். ஒல்லியான மனிதர், எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பவர். டப்பாக்காவையும் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்கள். முதலாளி அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"போன தடவை போன் தொலைஞ்சப்போ ஒண்ணும் ஆகலையே சார்? போர்டு இல்லாதப்பவே தப்பிச்சோம். இப்போ போர்டு வேற இருக்கு" என்றார் டாக்டர்.

"அது வேற டாக்டர். அந்தப் போனை யாரும் உங்க கையில கொடுக்கல. அந்தம்மாவே பிளக்குல போட்டுட்டுப் போயிட்டாங்க. நம்ம பொறுப்புக்கே வராத பொருளுக்குப் போர்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." வக்கீல் இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "இது அப்படி இல்ல. கழட்டுன்னு சொன்னது நாம. கழட்டாம உள்ள விடமாட்டோம். கூட வந்தவங்களையும் வெளிய உக்காரவெச்சுட்டோம். நம்ம ஆளு கையில வாங்கியிருக்காங்க. வாங்கிட்டா, நம்ம சொந்தப் பொருளை எப்படிப் பாத்துக்குவோமோ அப்படிப் பாத்துக்கணும். தொலைஞ்சா, நாங்க கவனமாத்தான் இருந்தோம்னு காட்டவேண்டியதும் நாமதான். நம்ம அஜாக்கிரதையை அந்தப் பலகை மூடி மறைக்காது."

"அப்போ எதுக்குத்தான் ஊரெல்லாம் அதை மாட்டி வெச்சிருக்காங்க?"

"படிச்சதும் பாதிப் பேரு கேக்காமலே போயிடுவாங்க. அதுக்குத்தான்."

டாக்டர் மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். பிறகு அவளைப் பார்த்து, "அவரேதான் அலமாரியில வெச்சாருன்னு சொல்லிட்டா, நாம கையில வாங்கினதாவே ஆகாது இல்லையா?" என்றார். குரலில் மிரட்டல் இல்லை. கேட்கவே கூச்சப்படுகிறவர்போல இருந்தது. "என்னம்மா?"

"சரிங்க டாக்டர்" என்றாள். எதற்கும் அப்படித்தான் சொல்வாள்.

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "பொய் சொல்ல நான் சொல்லித் தரமாட்டேன்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். அவள் பெயரில் எந்த வாக்குமூலமும் அவர் தாக்கல் செய்யவில்லை. பலகையையும் படிவத்தையும் வாயால் சொல்லிவிட்ட எச்சரிக்கையையும் வைத்தே பதில் எழுதிக் கொடுத்தார். ஆனால் பொருளை வாங்கியதாகச் சொல்லப்படும் ஊழியர் நேரில் வரட்டும் என்று மன்றமே சொல்லிவிட்டது.

மன்றம் என்றதும் அவள் பெரிய கட்டடமாக நினைத்திருந்தாள். ஒரு பழைய அலுவலகத்தின் மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆடுகிற மின்விசிறி, கூடம் நிறையப் பழுதான ஃபிரிட்ஜுக்கும் வராத பார்சலுக்கும் நியாயம் கேட்டு வந்தவர்கள். தலைவர் ஒரு பெண்மணி. கன்னத்தில் மிட்டாய் ஒன்றை ஒதுக்கிக்கொண்டே பேசினார். கண்டக்டர் முதல் வரிசையில் இருந்தார். காதில் எதுவும் இல்லை. புதுசு வாங்க இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. மகள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எழுதி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் படிவத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு ஸ்கேன் எடுப்பீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"எடுக்கமாட்டோம்" என்றார் வக்கீல்.

"அப்போ இது என்ன சம்மதம்?"

பிறகு டப்பாக்காவை முன்னால் வரச் சொன்னார்கள். அவள் போய் நின்றாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"காது மிஷினை யார் வாங்கினது?"

சொல்ல வேண்டியது என்ன என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள். ஆனால் கேள்வி வந்ததும் நடந்ததுதான் வாயில் வந்தது. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. வேறு ஒன்றை யோசித்து எடுக்க அவளிடம் தெம்பு இல்லை.

"நான்தாங்க. ஒண்ணு கீழ விழுந்துச்சு. எடுத்து, ரெண்டையும் காகிதத்துல மடிச்சு டப்பாவுல வெச்சேன்."

"டப்பா பூட்டுற இடத்துல இருந்துச்சா?"

"லாக்கருக்குச் சாவி இல்லைங்க. அலமாரியிலதான் வெப்போம்."

"நிர்வாகம் பொறுப்பில்லைன்னு அவர்கிட்ட சொன்னதா இங்க எழுதியிருக்கு. சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

"எப்போ?"

"டப்பாவை மூடும்போது."

"அப்போ காது மிஷின் எங்க இருந்துச்சு?"

"டப்பாவுக்குள்ளங்க."

"அவர் கண்ணாடி? அந்தப் போர்டைப் படிக்கிறதுக்கு?"

"அதுவும் டப்பாவுக்குள்ளதாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மகள் தாளில் எழுதித் தகப்பனிடம் காட்டினாள். கண்டக்டர் அதைப் படித்துவிட்டு டப்பாக்காவைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகவும் பார்க்கவில்லை, நன்றியாகவும் பார்க்கவில்லை. இறங்கும் இடம் வந்ததா என்று பயணியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

வெளியே படிக்கட்டில் டாக்டர் அவளை நிறுத்தினார். "சரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேங்க."

"அப்புறம்?"

அவள் ஒதுங்கி அவருக்கு வழி விட்டாள். டாக்டர் இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார். அவள் பஸ் ஏறினாள். தன் ஸ்டாப் வந்தது தெரிந்தது, இறங்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கால் எழவில்லை. பஸ் கடைசி வரை போய் நின்றபோதுதான் இறங்கினாள். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள். அந்த நினைப்பும் யாரோ ஒருத்தியின் வேலையைப் பற்றியதுபோல இருந்தது.

வேலை போகவில்லை. தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. சென்டர் காது மிஷினின் விலையைக் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் அவர் இருந்த காலத்துக்காகவும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். கழற்றச் சொல்லித் தாமே வாங்கி வைத்த பொருளுக்கு அறிவிப்புப் பலகையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். உடை மாற்றும் அறைப் பலகையும் வாயால் சொன்ன எச்சரிக்கையும் அவர் பார்க்கவும் கேட்கவும் முடியாத நிலையில்தான் வந்தன என்று தனியாக ஒரு வரி. மேல்முறையீடு போகலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, "மிஷின் விலையைவிட என் ஃபீஸ் அதிகம் ஆயிடும்" என்று வக்கீல் இருமினாராம். டாக்டர் பணத்தைக் கட்டிவிட்டார்.

அடுத்த வாரம் பூட்டுக்காரர் வந்தார். லாக்கர்களுக்குப் புதுப் பூட்டு. சாவியோடு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளத் துணிப் பட்டி. அதில் உலோகமே கிடையாது, ஆனால் சாவி உலோகம்தானே என்று டெக்னீஷியன்தான் கண்டுபிடித்தான். எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கடைசியில் சாவி நோயாளியோடு வந்தவர் கையில் இருக்கட்டும், தனியாக வந்தவர் என்றால் முன்மேசையில் இருக்கட்டும், வாங்கினதற்கு ஒரு சீட்டு கொடுப்போம் என்று முடிவானது. உடை மாற்றும் அறைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். கூடத்துப் பலகையை மட்டும் விட்டுவைத்தார்கள். அவரவர் பொருளை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு எச்சரிக்கையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் வக்கீல்.

டப்பாக்காவை டாக்டர் முன்மேசைக்கு மாற்றினார். தண்டனையா பதவி உயர்வா என்று யாருக்கும் புரியவில்லை. நோயாளிகளை உள்ளே விடுவதற்கு முன்பு, கண்ணாடியும் காது மிஷினும் இருக்கும்போதே, எதையெல்லாம் கழற்ற வேண்டும், விலையுயர்ந்ததை வீட்டாரிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் வார்த்தை தடுமாறியது. பிறகு வந்துவிட்டது. சொல்லி முடித்தபின் சிலர் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். மூக்குத்தி வராதே, என்ன செய்வது என்றாள் ஒருத்தி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்த விஷயம் தங்கைக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில்.

"உனக்கு ஒண்ணும் பண்ணலையாக்கா?"

"ஒண்ணும் பண்ணல."

"அந்தப் பெரியவருக்கு மிஷின் வந்துருச்சா?"

"வந்திருக்கும்."

தங்கை குழம்பை ஊற்றினாள். டப்பாக்கா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் எடுக்கும் முன் கையை நிறுத்தினாள்.

"உப்பு கம்மியா இருக்கு" என்றாள்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு உப்பு எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனவள், நெடுநேரம் வெளியே வரவில்லை.